ஒரு வளையத்துக்கு எவ்வளவு முடி?

சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடைக்கு வரும் பையன்களில் சிலரைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். தலைமேல் காளான் ஒன்று உட்கார்ந்திருக்கும். காதுக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு வழித்தெடுத்த வெள்ளைத் தோல், அதற்கு மேல் சட்டென்று வெளியே பிதுங்கி நிற்கும் சுருட்டை முடி. இதற்குப் பக்கவாட்டில் வெட்டியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நேர்முடிக்குச் சரியாக வேலை செய்கிற கணக்கைச் சுருட்டை முடிக்குப் போட்டால் வருகிற வடிவம் அது.

நான் கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானாவில் தொழில் பழகியவன். பத்தொன்பது வயதில் தரையைக் கூட்டத் தொடங்கி, இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாற்காலிக்குச் சொந்தக்காரனாக இருக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சீப்பையும் கத்தரியையும் மட்டும் வைத்து அவர் வெட்டியதைப் போல இன்றுவரை நான் வெட்டியதில்லை. அவர் காலத்தில் சுருட்டை முடிப் பையனுக்கு ஒரே வெட்டுதான்: ஒட்ட வெட்டி அனுப்பிவிடுவது. இப்போது பையன்கள் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டி, “மேல இருக்கணும், சைடு டேப்பரா இறங்கணும்” என்கிறார்கள். கேட்பது தவறில்லை. அந்தப் படத்தில் இருப்பவரின் சுருளும் நம் பையனின் சுருளும் ஒரே அளவா என்பதுதான் கேள்வி.

எந்த நம்பர் போடுவது, மேலே எவ்வளவு விடுவது என்பதெல்லாம் அந்த ஒரு அளவிலிருந்து பிறக்கிறது. நான் செய்வது இதுதான். தலையைக் கழுவி, எண்ணெய் எதுவும் தடவாமல் நன்றாகக் காயவிட்ட பிறகு, உச்சியில் தானாகச் சுருண்டு நிற்கும் ஒரு வளையத்தைப் பார்ப்பேன். அதற்குள் எது நுழையும்? பேனாவின் உள்ளே இருக்கும் மைக்குச்சியா, பென்சிலா, கெட்டியான பானம் குடிக்கிற பெரிய உறிஞ்சு குழலா? நெருக்கமான சுருட்டை என்று சொல்லிக்கொண்டு வரும் நம் பையன்கள் பலருக்குப் பென்சில் சரியாகப் பொருந்தும்.

பென்சிலின் குறுக்களவு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றினால் 22 மில்லிமீட்டர் நூல் வேண்டும். முடிக்கும் இதே கணக்குதான். ஒரு முழு வளையம் உருவாக அந்த இழை இரண்டே கால் சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். அது சுருள் என்று கண்ணுக்குத் தெரிய இரண்டு வளையம் வேண்டும், அதாவது நாலரை சென்டிமீட்டர். மறுபக்கம், அரை வளையத்துக்கு, அதாவது 11 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் முடிக்குச் சுருள இடமே இல்லை. தலையோடு ஒட்டி, நேர்முடியைப் போல ஒழுங்காகப் படுத்துவிடும்.

தொல்லை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் நிற்கிற முடி தூண்டில் முள்ளைப் போல வளைந்து நிற்கும். படுக்கவும் படுக்காது, வளையமாகவும் ஆகாது. ஒவ்வொரு இழையும் ஒரு திசையைப் பார்க்கும். வெளியில் மழைக்கு முந்திய புழுக்கம் என்றால் இன்னும் உப்பிக்கொள்ளும். “என் பையன் முடி சொன்னா கேக்காது” என்று அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நீளத்தில் இருக்கும் முடியைத்தான்.

இப்போது மெஷினில் மாட்டும் சீப்புகளைப் பாருங்கள். ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர் முடியை விடும். இரண்டு என்றால் 6, மூன்று என்றால் 10, நான்கு என்றால் 13. பென்சில் சுருளுக்கு ஒன்றும் இரண்டும் மூன்றும் அரை வளையத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நான்காம் நம்பர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. “சைடு ரொம்பக் குட்டையா வேணாம், நாலு போடுங்க” என்று பெற்றோர் இரக்கப்பட்டுக் கேட்பது பையனுக்கு நன்மை செய்வதில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் மூன்றில் படுத்திருந்த முடி நான்கில் எழுந்து நிற்கும்.

வேறு வேறு நாட்டுப் படங்களைப் பார்த்து வெட்டும்போது வரும் குழப்பமும் இதனால்தான். மைக்குச்சி நுழையும் அளவுக்கு இறுகிய சுருள் உள்ளவருக்கு ஒரு சென்டிமீட்டரிலேயே முழு வளையம் வந்துவிடும். அவருக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேல்முடி அழகாக நிற்கும். அதே இரண்டரையைப் பென்சில் சுருள் தலையில் விட்டால் ஒரு வளையமும் ஒரு கொக்கியும்தான் மிஞ்சும்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் கிள்ளானிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் கொமுட்டர் ரயில் ஏறி வந்தார்கள். பையனுக்குப் பதின்மூன்று வயது, முதலாம் படிவம். அதற்கு முந்திய ஆண்டு வேறொரு கடையில் அவனுக்குத் தலையை நனைத்து, இழுத்துப் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் சுருட்டை முடி நீண்டு கிடக்கும். ஐந்து சென்டிமீட்டர் விட்டதாக நினைத்த இடத்தில், காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரிவது பாதிதான். பக்கம் தோல் தெரிய மேலே வரை ஏறிவிட்டது. மறுநாள் பள்ளியில் பட்டப்பெயர் கிடைத்தது. அந்த வாரமே ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் டியூஷன் வகுப்பிலும் தொப்பியைக் கழற்ற மாட்டான் என்றார் அப்பா. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடி காணிக்கை கொடுத்த பிறகு யாரையும் தலையில் கை வைக்க விடாமல் வளர்த்திருக்கிறான்.

“அண்ணே, வம்பே வேணாம். ஒண்ணாம் நம்பர் போட்டுச் சுத்தமா எடுத்துருங்க,” என்றார் அப்பா.

பையன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

“தம்பி, உனக்கு எப்படி வேணும்?”

“மேல இருக்கட்டும் அண்ணே,” என்றான். அவ்வளவுதான்.

மொட்டை போட்டால் சுருட்டை போய்விடும் என்று வீட்டில் நினைத்திருந்தார்களாம். முடி சுருள்வது தோலுக்கு அடியில் வேர்ப்பையின் வளைவால். வெளியே வந்த முடியை எத்தனை முறை வழித்தாலும் அந்த வளைவு மாறாது. பருவ வயதில் சிலருக்குச் சுருள் இறுகவோ தளரவோ செய்யும். அதற்கும் மொட்டைக்கும் தொடர்பில்லை.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். நாலரை மாதத்தில் அவனுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் இருந்தது. உச்சியில் ஓர் இழையை இழுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், கணக்குச் சரியாக வந்தது. பென்சிலும் பொருந்தியது. இரண்டு வளையத்துக்குத் தேவையான நாலரை இருக்கிறது, மேலே ஒரு சென்டிமீட்டர் உபரி. நான் அப்பாவிடம் பள்ளி விதியைப் பற்றிப் பேசினேன். முடி காதை மூடக்கூடாது, சட்டைக் காலரைத் தொடக்கூடாது, புருவத்தை எட்டக்கூடாது என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளில் கேட்பது. நாலரை சென்டிமீட்டர் சுருட்டை முடி நெற்றியில் இரண்டு, இரண்டேகால் சென்டிமீட்டர்தான் இறங்கும். கட்டொழுங்கு ஆசிரியர் கண்ணில் முதலில் படுவது காதோரமும் பிடரியும். அவை சுத்தமாக இருந்தால் மேலே இருப்பதைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப செஞ்சு பாருங்க,” என்றார்.

முதலில் தலையின் மேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சீப்பைப் பக்கவாட்டில் தலையோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தால், ஓர் இடத்துக்கு மேல் தலை உள்நோக்கி வளைந்து சீப்பை விட்டு விலகும். அந்த இடம்தான் மேடு. அங்கே வளரும் முடி மேலேயும் போகாது, கீழேயும் விழாது, நேராக வெளியே வரும். காளானின் விளிம்பு பிறப்பது அங்கேதான். பையனுக்கு அந்த மேடு காதின் மேல்நுனியிலிருந்து ஐந்து விரல் உயரத்தில் இருந்தது.

மூன்றாம் நம்பரைப் போட்டு, மேட்டுக்கு இரண்டு விரல் கீழே நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே காதுக்கு மேல் ஒன்றரை விரல் வரை இரண்டாம் நம்பர். ஒன்றாம் நம்பர் கிருதாவிலும் காதைச் சுற்றியும் பிடரியின் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும். இரண்டு நம்பர்கள் சந்திக்கிற இடத்தில் கோடு விழும். அதை மெஷினின் பக்கத்தில் இருக்கும் லிவரைத் திறந்து மூடித் துடைத்து எடுக்க வேண்டும். தோல் எங்கேயும் வெளுப்பாகத் தெரியாமல், ஓரத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போவதைத்தான் டேப்பர் என்கிறோம். தோல்வரை வழித்து மேலே ஏற்றினால் அது ஃபேட். பள்ளிப் பையனுக்கு டேப்பர் போதும் என்பது என் கட்சி. ஃபேட் ஐந்தாறு நாள்தான் அழகாக இருக்கும். அது ஏற ஏற மேல்முடி எவ்வளவு குட்டையாக இருந்தாலும் பெரிதாகத் தெரியும்.

சுருட்டை முடியில் மெஷின் ஒருமுறை போனால் பாதியைத்தான் வெட்டும். படுத்திருக்கும் சுருள் சீப்புக்கு அடியில் நழுவிவிடும். அகலப் பல் சீப்பால் தூக்கிவிட்டு மறுபடி, வேறு திசையிலிருந்து மறுபடி என்று மூன்று தடவையாவது போக வேண்டும். அவசரமாக ஒரே தடவையில் முடித்த தலையை அன்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகு திட்டுத் திட்டாக எழுந்து நிற்கும்.

எங்கள் கடைகளில் அவசரத்துக்குக் காரணம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் வெளியிலிருந்து புதிய ஆட்களை எடுக்க முடியாமல் இருந்தது. 2023இல் முடிதிருத்தும் கடை, நகைத்தொழில், துணிக்கடை என்ற மூன்று துறைகளுக்கும் அரசாங்கம் மறுபடி கதவைத் திறந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் காத்திருக்கும்போது ஒரு தலைக்கு நாற்பது நிமிடம் கொடுப்பது எளிதல்ல. சுருட்டை முடிப் பையனை வார நாளில் அழைத்து வாருங்கள் என்று நான் கேட்பது அதற்காகத்தான்.

மீதி இருந்தது மேட்டை ஒட்டிய இரண்டு விரல் அகலப் பட்டை. கீழே ஒரு சென்டிமீட்டர், மேலே நாலரை. நடுவில் அந்தக் கொக்கி நீளத்தைக் கடந்தே ஆகவேண்டும். கடக்கிற இடம் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் படிக்கட்டு விழக்கூடாது. இங்கே நான் மெஷினைக் கீழே வைத்துவிடுவேன். சீப்பால் முடியை வெளிப்பக்கமாக இழுத்து, சீப்புக்கு மேல் நிற்பதைக் கத்தரியால் எடுப்பது என் ஆசான் சொல்லிக் கொடுத்த வேலை. இதில் ஒரே ஒரு நுணுக்கம்: சீப்பு தலையின் வளைவோடு உள்ளே சாயக்கூடாது. சுவரைப் போல நிமிர்ந்தே மேலே போகவேண்டும். அப்போது கீழே இருக்கும் முடி குட்டையாகவும், தலை உள்ளே வளைய வளைய முடி தானாக நீளமாகவும் அமையும். முகத்துக்கு நேரே நின்று பார்த்தால் காதோரத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியும். சீப்பைத் தலையோடு சாய்த்தால் மேட்டில் முடி குறைந்து உச்சி மட்டும் கூம்பாக நிற்கும். மேட்டைத் தொடாமல் விட்டால் மறுபடி காளான்தான்.

மேல்முடியை மெஷினாலும் வெட்டவில்லை, ஈரத்திலும் வெட்டவில்லை. காய்ந்த நிலையில், ஒவ்வொரு சுருளாக விரலில் எடுத்து, வளையம் முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே நுனியைக் கத்தரித்தேன். நெற்றிப் பக்கம் நாலரை, நடுவில் ஐந்து, உச்சிச் சுழியைச் சுற்றி மறுபடி நாலரை. அடர்த்தியைக் குறைக்கிறேன் என்று பல்வைத்த கத்தரியைச் சிலர் உள்ளே விடுவார்கள். நேர்முடியில் அது வேலை செய்யும். சுருட்டையில் உள்ளே குட்டையாக வெட்டுப்பட்ட இழைகள் ஸ்பிரிங்கைப் போலக் கிளம்பி மேலே இருப்பதைத் தூக்கிவிடும். முடி குறைந்தும் தலை பெரிதாகத் தெரியும்.

அவனுக்குப் பின்மண்டை கொஞ்சம் தட்டை. அந்த இடத்தில் மட்டும் மூன்றாம் நம்பரை ஒரு விரல் கீழே இறக்கி விட்டேன். இரண்டு போட்டிருந்தால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தலை சுவரில் வெட்டி ஒட்டியதைப் போலத் தெரிந்திருக்கும்.

பிடரியில் சவரக்கத்தி வைக்கச் சொல்லி அப்பா கேட்டார். நான் வைக்கவில்லை. சுருட்டை முடியைத் தோலோடு வழித்தால் கூராக நறுக்கப்பட்ட நுனி வளரும்போது வளைந்து, மறுபடி தோலுக்குள்ளேயே குத்தும். இரண்டு மூன்று நாளில் சிறு சிறு பருக்கள் வரும். மீசை அரும்பும் வயதிலிருந்து இது அதிகம். சொறிந்து சொறிந்து சிலருக்குப் பிடரியில் தழும்பு தடித்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ட்ரிம்மரால் ஓரத்தை ஒழுங்கு செய்து ஒரு மில்லிமீட்டராவது விட்டுவிட வேண்டும். பரு வந்துவிட்டால் அது அடங்கும்வரை அங்கே எதையும் வைக்காதீர்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வெட்டி முடித்ததும் ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். கருப்பாக ஒரு கோடு தெரிந்தால் அங்கே இன்னும் எடுக்க வேண்டும். வெளுப்பாகத் திட்டுத் தெரிந்தால் அங்கே அதிகம் எடுத்தாயிற்று, சுற்றியுள்ளதைத்தான் சரிசெய்ய முடியும். அவனைத் தலையை ஆட்டச் சொன்னேன். சுருள் அசைந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது. அப்பா எழுந்து வந்து பின்னால் நின்று, மகன் தலையில் லேசாகக் கைவைத்துப் பார்த்தார். அவருடைய தலையும் ஒட்ட வெட்டியிருந்தது.

“எனக்கும் இதே முடிதான் அண்ணே,” என்றார். “எங்கப்பா ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் உக்கார வச்சு எடுத்துருவாரு. இது இப்படிச் சுருளும்னு நானே பாத்ததில்ல.”

பையன் தொப்பியைப் பைக்குள் வைத்தான்.

பராமரிப்பும் அதே கணக்குதான். பக்கத்தில் இரண்டாம் நம்பர் போட்ட 6 மில்லிமீட்டர் முடி மூன்று வாரத்தில் 9 மில்லிமீட்டர் சேர்த்துக்கொண்டு 15 ஆகிவிடும். அரை வளையத்தைத் தாண்டியாயிற்று, உப்பத் தொடங்கும். மூன்றாம் நம்பர் போட்ட பட்டை அதற்கு முன்பே தாண்டிவிடும். ஆனால் அது மேல்முடியின் நிழலில் இருப்பதால் உடனே தெரியாது. ஆகவே பக்கத்தை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மேல்முடிக்கு அவ்வளவு அவசரமில்லை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனி எடுத்தால் போதும். கடையில் உட்கார்ந்ததும், “சைடும் பிடரியும் மட்டும், மேல தொடாதீங்க,” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் மேலேயும் போய்விடும்.

சீப்பு ஈரத் தலைக்கு மட்டும், அதுவும் அகலப் பல். காய்ந்த பிறகு சீவினால் வளையங்கள் பிரிந்து பஞ்சாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டுமானால் ஈரத்திலேயே உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து நுனியில் அழுத்திவிட்டால் போதும்.

சில பள்ளிகளில் மேல்முடிக்கும் அளவு வைத்திருக்கிறார்கள், இரண்டு வளையத்துக்கு இடம் கிடைக்காது. அப்படியானால் இரண்டு சென்டிமீட்டராவது விடுங்கள் என்று பேரம் பேசாதீர்கள். அது அந்தக் கொக்கி நீளம். முழுவதுமாகக் கீழே இறங்கி, மேலே மூன்றாம் நம்பர், பக்கத்தில் இரண்டு, ஓரத்தில் ஒன்று என்று போடச் சொல்லுங்கள். சுருள் தெரியாது, ஆனால் தலையின் வடிவம் ஒழுங்காக இருக்கும். ஆண்டிறுதி விடுமுறை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே மேலே வெட்டுவதை நிறுத்திவிட்டால், விடுமுறை தொடங்கும்போதே முதல் வளையம் வந்துவிடும். அந்த நாட்களில் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.